பிறழ்ச்சி இருந்தாலும் பரவாயில்லையா? சராசரி வர்க்கப் பிழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் படிக்கும் மாணவர்களும், ஆய்வுக்காகத் தரவு சேகரிப்பவர்களும் மதிப்பீட்டுப் பாடத்திற்கு வந்ததும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிறழ்ச்சியற்ற மதிப்பீடே உயர்ந்தது என்று முதல் வாரம் படித்துவிட்டு, அடுத்த வாரமே பிறழ்ச்சியுள்ள ஒன்று அதைத் தோற்கடிப்பதைப் பார்க்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களுக்கு ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன்: ஒரு விதைக் குவியலின் முளைப்புத் திறனைச் சில விதைகளை மட்டும் முளைக்க வைத்து ஊகிப்பது.

சராசரி வர்க்கப் பிழை என்கிறார்களே, அது எதனுடைய சராசரி?

ஒரு குவியலில் முளைக்கக்கூடிய விதைகளின் உண்மையான விகிதம் p என்று வைத்துக்கொள்வோம். அது நமக்குத் தெரியாது. நான்கு விதைகளை எடுத்து ஈரத்துணியில் வைக்கிறோம், மூன்று முளைக்கின்றன, ஒரு மதிப்பீட்டைச் சொல்கிறோம். வேறு நான்கு விதைகளை எடுத்திருந்தால் வேறு எண்ணைச் சொல்லியிருப்போம். இப்படி எடுக்கக்கூடிய எல்லாக் கூறுகளையும் மனத்தில் கொண்டு, ஒவ்வொன்றிலும் மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, அது நிகழும் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதே சராசரி வர்க்கப் பிழை. ஆங்கிலச் சுருக்கத்தில் எம்.எஸ்.இ., குறியீட்டில் E[(T − p)²]. இங்கே T என்பது மதிப்பீட்டு முறை.

கவனிக்க வேண்டியது, சராசரி எடுக்கப்படுவது கூறுகளின் மேல் என்பதுதான். கையில் இருக்கும் நான்கு விதைகளின் மேல் எடுக்கப்படுவதில்லை. ஆகவே இது ஒரு முறையின் குணம். இன்று வந்த ஒரு விடையின் குணம் அல்ல.

பின்னடைவுப் பாடத்திலும் இதே பெயர் வருகிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. அங்கே கையிலுள்ள தரவின் ஒவ்வொரு புள்ளிக்கும், பொருத்திய கோட்டுக்கும் உள்ள இடைவெளியை வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்கிறார்கள். அதைத் தரவிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். இங்கே பேசுவது, தெரியாத ஒரு p-யிலிருந்து ஒரு முறை சராசரியாக எவ்வளவு விலகும் என்பது. அதைக் கணக்கிட p தேவை. பெயர் ஒன்றாக இருப்பதால் மென்பொருள் அச்சிடும் எண்ணை எடுத்து இந்தப் பாடத்தின் கேள்விக்கு விடையாக எழுதுபவர்கள் நிறையப் பேர்.

பிறழ்ச்சியற்றது என்றால் தவறாத மதிப்பீடு என்றுதானே அர்த்தம்?

அது சொல்வது மிகவும் குறைவு. எல்லாக் கூறுகளிலும் கிடைக்கும் மதிப்பீடுகளின் சராசரி, உண்மையான p-க்குச் சமமாக இருக்கும் என்பது மட்டுமே அதன் பொருள். மேலே போகும் தவறுகளும் கீழே போகும் தவறுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு தவறும் எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

p = 0.8 உள்ள குவியலிலிருந்து நான்கு விதைகளை எடுத்து, முளைத்தவற்றின் விகிதத்தையே மதிப்பீடாகச் சொன்னால் நமக்கு வரக்கூடிய விடைகள் 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகிய ஐந்தே. இவற்றில் ஒன்றுகூட 0.8 இல்லை. ஆனாலும் அந்த முறை பிறழ்ச்சியற்றது.

எம்.எஸ்.இ. என்பது பரவற்படியும் பிறழ்ச்சியின் வர்க்கமும் சேர்ந்தது என்கிறார்கள். எங்கிருந்து வந்தது இது?

T-யின் சராசரி மதிப்பை m என்போம். T − p என்ற பிழையை இரண்டு துண்டுகளாக எழுதலாம்: (T − m) ஒன்று, (m − p) மற்றொன்று. முதல் துண்டு கூறுக்குக் கூறு மாறும், அதன் வர்க்கத்தின் சராசரியே பரவற்படி, அதாவது Var(T). இரண்டாவது துண்டு மாறாது, அதுதான் பிறழ்ச்சி. இதை வர்க்கப்படுத்தினால் மூன்று உறுப்புகள் வரும். நடுவில் வரும் 2(T − m)(m − p) என்பதன் சராசரியை எடுத்தால் அது பூச்சியம். ஏனெனில் m என்பதே T-யின் சராசரி, அதிலிருந்து T விலகுவதன் சராசரி பூச்சியமாகத்தான் இருக்க முடியும். மிஞ்சுவது:

MSE = Var(T) + (m − p)²

பிறழ்ச்சியை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பரவற்படி ஏற்கெனவே வர்க்க அலகில் இருக்கிறது. பிறழ்ச்சியை அப்படியே அதனோடு கூட்டுவது மீட்டரையும் சதுர மீட்டரையும் கூட்டுவதாகும். இந்த வர்க்கத்தில்தான் விஷயமே இருக்கிறது: சிறிய எண்ணை வர்க்கப்படுத்தினால் அது இன்னும் சிறிதாகிவிடும். 0.1 பிறழ்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை 0.01 மட்டுமே. அந்த விலைக்குப் பரவற்படி அதைவிட அதிகமாகக் குறைந்தால் மொத்தத்தில் நமக்கு லாபம்.

ஒரு சின்னக் கணக்கைக் கையால் போட்டுக் காட்ட முடியுமா?

நான்கு விதைகள், X முளைத்தவை. இரண்டு முறைகளை ஒப்பிடுவோம். முதலாவது நேர் விகிதம், அதாவது X/4. இரண்டாவது (X + 1)/6. இல்லாத இரண்டு விதைகளைச் சேர்த்து, அவற்றில் ஒன்று முளைத்தது, ஒன்று முளைக்கவில்லை என்று பாவிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் லாப்லாஸ் முன்வைத்த விதி இது. ஆகவே லாப்லாஸ் விகிதம் என்றே அழைக்கிறேன். உண்மையான p = 0.8 என்று எடுத்துக்கொள்வோம். சான்று பெற்ற நெல் விதைக்கு இந்தியாவில் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம் என்பதால் இந்த எண்.

| X | நிகழ்தகவு | நேர் விகிதம் | லாப்லாஸ் விகிதம் |
|---|---|---|---|
| 0 | 0.0016 | 0 | 0.167 |
| 1 | 0.0256 | 0.25 | 0.333 |
| 2 | 0.1536 | 0.50 | 0.500 |
| 3 | 0.4096 | 0.75 | 0.667 |
| 4 | 0.4096 | 1.00 | 0.833 |

நேர் விகிதத்தின் ஒவ்வொரு வரியிலும் 0.8-இலிருந்து விலகலை எடுத்து, வர்க்கப்படுத்தி, நிகழ்தகவால் பெருக்கினால் மேலிருந்து கீழாக 0.0010, 0.0077, 0.0138, 0.0010, 0.0164 வரும். கூட்டினால் 0.04. பிறழ்ச்சி பூச்சியம் என்பதால் இது முழுவதும் பரவற்படிதான். p(1 − p)/4 என்ற சூத்திரமும் 0.16/4 = 0.04 என்றே சொல்கிறது.

லாப்லாஸ் விகிதத்தில் இதே வேலையைச் செய்தால் 0.0006, 0.0056, 0.0138, 0.0073, 0.0005 வரும். கூட்டினால் 0.0278. துண்டுகளாகப் பார்த்தால், அதன் சராசரி (3.2 + 1)/6 = 0.7, பிறழ்ச்சி −0.1, அதன் வர்க்கம் 0.01. பரவற்படி 0.64/36 = 0.0178. இரண்டும் சேர்ந்து அதே 0.0278. பிறழ்ச்சிக்கு 0.01 கொடுத்து, பரவற்படியில் 0.0222 மிச்சம் பிடித்திருக்கிறோம்.

லாபம் எந்த வரியில் கிடைத்தது என்று பட்டியலில் தேடிப் பாருங்கள். மூன்று முளைக்கும்போது லாப்லாஸ் விகிதம் தோற்கிறது, 0.75 என்பது 0.667-ஐவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. நான்கும் முளைக்கும்போதுதான் அது பெரிதாக வெல்கிறது. நேர் விகிதம் அங்கே 'நூற்றுக்கு நூறு' என்று அடித்துச் சொல்கிறது. லாப்லாஸ் 0.833 என்கிறது. நாலே விதைகளைப் பார்த்துவிட்டு நூற்றுக்கு நூறு என்று சொல்வதை நான் எப்போதுமே ஏற்பதில்லை.

முளைக்க வைக்காத விதையை முளைத்ததாகக் கணக்கில் சேர்ப்பது மோசடி இல்லையா?

மூலத் தரவை மாற்றினால் மோசடி. நான்கில் மூன்று முளைத்தது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, அதிலிருந்து p-யை ஊகிக்கும் சூத்திரமாக (X + 1)/6-ஐப் பயன்படுத்துவது ஒரு கணக்கீட்டு முடிவு. இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் யாரும் ஏமாறுவதில்லை.

அந்தச் சூத்திரம் உண்மையில் செய்வது, நேர் விகிதத்திற்கு மூன்றில் இரண்டு பங்கு எடையும், 1/2 என்ற எண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு எடையும் கொடுத்துக் கலப்பதுதான். அதாவது விடையை நடுவை நோக்கி இழுக்கிறது. எடை 2/3 என்பதால் பரவற்படி 4/9 பங்காகச் சுருங்குகிறது. இழுப்பதால் வரும் பிறழ்ச்சி (1/2 − p)/3. p நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக இந்தப் பிறழ்ச்சி வளரும். அடுத்த கேள்விக்கான விடை இதிலேயே இருக்கிறது.

சரி, அப்படியானால் இனி எப்போதும் லாப்லாஸ் விகிதத்தையே பயன்படுத்திவிடலாமா?

முடியாது. மேலே p = 0.8 என்ற ஒரே இடத்தில்தான் ஒப்பிட்டோம். p மாறினால் நேர் விகிதத்தின் சராசரி வர்க்கப் பிழையும் மாறும்: p = 0.5-இல் 0.0625, p = 0.7-இல் 0.0525, p = 0.9-இல் 0.0225, p = 0.95-இல் 0.0119. லாப்லாஸ் விகிதமோ நான்கு விதைகளுக்கு ஒரு விசித்திரமான குணத்தைக் காட்டுகிறது. அதன் பரவற்படி 4p(1 − p)/36, பிறழ்ச்சி வர்க்கம் (1 − 2p)²/36. இந்த (1 − 2p)² என்பதை விரித்தால் 1 − 4p(1 − p). இரண்டையும் கூட்டும்போது p உள்ள உறுப்புகள் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது 1/36, அதாவது 0.0278. p எதுவாக இருந்தாலும் இதே எண். கூறின் அளவு சரியாக நான்காக இருக்கும்போது மட்டும் இந்த அடிபடுதல் முழுமையாக நடக்கிறது. இதற்காகவே நான் நான்கு விதைகளைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆகவே ஒப்பீடு எளிது: p(1 − p)/4 என்பது 1/36-ஐவிடப் பெரிதாக இருக்கும் இடமெல்லாம் லாப்லாஸ் வெல்லும். தீர்த்தால் எல்லைகள் ஏறத்தாழ 0.127, 0.873. இந்த இரண்டுக்கும் நடுவே p இருந்தால் பிறழ்ச்சியுள்ள முறை சிறந்தது. வெளியே இருந்தால் பிறழ்ச்சியற்ற முறை சிறந்தது. தரமான விதை நிறுவனத்தின் 95 சதவீதக் குவியலுக்கு லாப்லாஸ் விகிதம் தவறான தேர்வு. நடுவை நோக்கி இழுப்பது அங்கே தொலைவில் உள்ள பொய்யான இடத்துக்கு இழுப்பதாகிவிடும்.

p தெரியாததால்தானே மதிப்பிடுகிறோம்? தெரியாத p-யை வைத்து எம்.எஸ்.இ. பார்த்து எப்படி முடிவெடுப்பது?

இந்தப் பக்கத்திலேயே மிக நல்ல கேள்வி இதுதான். சராசரி வர்க்கப் பிழை ஓர் எண் அல்ல, p-யைச் சார்ந்த ஒரு வளைகோடு. இரண்டு முறைகளின் வளைகோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து, நம் வேலையில் p எந்தப் பகுதியில் இருக்கும் என்பதைத் துறை அனுபவத்திலிருந்து முடிவு செய்து, அந்தப் பகுதியில் தாழ்வாக ஓடும் கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் பழைய சாக்கில் கிடந்த விதை என்றால் p 0.3 முதல் 0.8 வரை எங்கும் இருக்கலாம். லாப்லாஸ் பக்கம் சாயலாம். புதிதாகச் சான்று பெற்ற விதை என்றால் வேண்டாம்.

பலர் செய்யும் ஒரு தவறு, p-யின் இடத்தில் மதிப்பீட்டையே போட்டுக் கணக்கிடுவது. நான்கும் முளைத்துவிட்டால் நேர் விகிதம் 1. அதை p(1 − p)/4-இல் போட்டால் பிழை பூச்சியம் என்று வரும். நான்கு விதைகளை மட்டும் பார்த்தவர் தன் மதிப்பீட்டில் பிழையே இல்லை என்று அறிவிப்பதாகும் அது. இப்படி ஒரு பூச்சியம் விடையில் வந்தால், முறை ஓரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று உடனே புரிந்துகொள்ள வேண்டும்.

வளைகோட்டை வரைய p-க்குப் பல மதிப்புகள் கொடுத்துப் பார்த்தால் போதும். பைதானில் பட்டியல் கணக்கை அப்படியே செய்யலாம்:

```python
from math import comb
n, p = 4, 0.8
a = b = 0
for x in range(n + 1):
    w = comb(n, x) * p**x * (1 - p)**(n - x)
    a += w * (x / n - p)**2
    b += w * ((x + 1) / (n + 2) - p)**2
print(round(a, 4), round(b, 4))
```

இது 0.04, 0.0278 என்ற இரண்டு எண்களையும் அச்சிடும். `p`-யை மாற்றி மாற்றி ஓட்டினால் 0.873-க்கு அப்பால் முதல் எண் சிறியதாவதைக் காணலாம்.

நான் கூறையே பார்க்காமல் எப்போதும் 0.8 என்று சொல்கிறேன். அதுவும் ஒரு மதிப்பீட்டு முறைதானே?

ஆம், வரையறைப்படி அதுவும் ஒரு முறைதான். அதன் பரவற்படி பூச்சியம். p உண்மையிலேயே 0.8 ஆக இருந்தால் அதன் சராசரி வர்க்கப் பிழையும் பூச்சியம். எந்த நேர்மையான முறையும் அந்த இடத்தில் அதை வெல்ல முடியாது. p = 0.5 என்றால் அதன் பிழை 0.09, நேர் விகிதத்தின் 0.0625-ஐவிட மோசம்.

எல்லா p-க்கும் ஒருங்கே சிறந்த முறை என்று ஒன்று ஏன் இல்லை என்பதற்கு இந்தப் பிடிவாதக்காரரே சாட்சி. அப்படி ஒன்று இருக்க வேண்டுமானால் 0.8-இல் இவரோடும், 0.5-இல் இன்னொரு பிடிவாதக்காரரோடும், மற்ற ஒவ்வொரு இடத்திலும் ஒருவரோடும் சமமாக நின்று, எங்கும் பூச்சியப் பிழை காட்ட வேண்டும். பாடநூல்கள் 'பிறழ்ச்சியற்றவற்றுக்குள் சிறந்தது' என்று வட்டத்தைச் சுருக்கிக்கொள்வது இவர்களை வெளியே நிறுத்தத்தான். அந்த வேலியால் இவர்கள் போகிறார்கள், உண்மைதான். லாப்லாஸ் விகிதம் போன்ற நல்லவையும் கூடவே போய்விடுகின்றன.

கூறு பெரிதானால் இந்தச் சண்டை தீர்ந்துவிடுமா?

ஏறக்குறைய தீர்ந்துவிடும். கூறின் அளவு n என்றால், பரவற்படி 1/n வேகத்தில் குறைகிறது. லாப்லாஸ் விகிதத்தின் பிறழ்ச்சி வர்க்கமோ 1/n² வேகத்தில் குறைகிறது. ஆகவே n பெரிதாகும்போது பிறழ்ச்சி கணக்கிலேயே தெரியாது. பன்னாட்டு விதைப் பரிசோதனை விதிகளின்படி முளைப்புச் சோதனைக்கு 400 விதைகள் வைப்பது வழக்கம். அங்கே p = 0.8 என்றால் நேர் விகிதத்தின் சராசரி வர்க்கப் பிழை 0.000400, லாப்லாஸ் விகிதத்தினது 0.000398. இதற்காக யாரும் சூத்திரத்தை மாற்றத் தேவையில்லை. கூறு சிறிதாக இருக்கும்போதுதான் இந்தத் தேர்வு முக்கியமாகிறது.

பரவற்படி ஓர் எல்லைக்குக் கீழே போக முடியாது என்று சி. ஆர். ராவ் நிறுவினாரே, லாப்லாஸ் விகிதம் அதை மீறுகிறதா?

மீறவில்லை. 1945-இல் ராவ் வெளியிட்ட கட்டுரையில் வரும் அந்த எல்லை, பலரும் மனப்பாடம் செய்யும் வடிவில், பிறழ்ச்சியற்ற முறைகளுக்கு உரியது. நம் எடுத்துக்காட்டில் அந்த எல்லை p(1 − p)/n. நேர் விகிதம் அதைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. பிறழ்ச்சியற்ற முறைகளுக்குள் அதைவிடச் சிறந்தது கிடையாது என்பது உறுதி. லாப்லாஸ் விகிதம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. பிறழ்ச்சியுள்ள முறைகளுக்கு எல்லையின் வேறொரு வடிவம் உண்டு. அதில் பிறழ்ச்சி p-யோடு எப்படி மாறுகிறது என்பதும் சேரும். அந்த வடிவத்தின்படி நம் முறைக்கு வரும் எல்லை (4/9) × p(1 − p)/4. லாப்லாஸ் விகிதத்தின் பரவற்படி துல்லியமாக அதுவே.

நூறு பேர் ஆளுக்கு நான்கு விதை சோதிக்கிறார்கள். எல்லோரும் சிறந்த முறையைப் பயன்படுத்தினால் அவர்களின் சராசரியும் சிறந்ததாகத்தானே இருக்கும்?

இல்லை, இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. அதே p = 0.8 குவியலை நூறு பேரும் தனித்தனியாகச் சோதிப்பதாகக் கொள்வோம். நேர் விகிதங்களின் சராசரியை எடுத்தால் பரவற்படி நூறில் ஒரு பங்காகும்: 0.04/100 = 0.0004. லாப்லாஸ் விகிதங்களின் சராசரியை எடுத்தால் பரவற்படி 0.00018 ஆகிறது, ஆனால் பிறழ்ச்சி அப்படியே இருக்கிறது. ஒவ்வொருவரும் 0.1 குறைத்துச் சொன்னார்கள், சராசரியும் 0.1 குறைத்தே சொல்லும். மொத்தம் 0.0102. தனித்தனியாக வென்ற முறை, சேர்த்துப் பார்த்தபோது இருபத்தைந்து மடங்கு மோசமாகிவிட்டது.

காரணம் எளிது. சராசரி எடுப்பது பரவற்படியை மட்டுமே கரைக்கும், பிறழ்ச்சியைத் தொடாது. ஆகவே மதிப்பீடு இறுதி விடையாக நிற்கப்போகிறதா, அல்லது வேறு ஒருவர் அதை எடுத்து மேலும் சராசரி போடப்போகிறாரா என்பதைப் பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மேலே அனுப்பப்போகிறீர்கள் என்றால் X-ஐயும் n-ஐயும் அப்படியே அனுப்புங்கள். மொத்தம் 400 விதைகளில் எத்தனை முளைத்தன என்று கூட்டிவிட்டுச் சூத்திரத்தை ஒரே ஒருமுறை போட்டால், முன்பு 400 விதைகளுக்குப் பார்த்தது போல எந்தச் சிக்கலும் வராது.

பரவற்படியை மதிப்பிட n − 1 ஆல் வகுக்கிறோம். அது எம்.எஸ்.இ.யில் சிறந்ததா?

தரவு இயல்நிலைப் பரவலைச் சேர்ந்தது என்றால் சிறந்தது அல்ல. கூறுச் சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூடுதலை c என்ற எண்ணால் வகுக்கிறோம், உண்மையான பரவற்படி σ² என்று வைத்துக்கொள்ளுங்கள். n = 5 என்றால், c = 4 ஆகும்போது பிறழ்ச்சி இல்லை, சராசரி வர்க்கப் பிழை 0.5σ⁴. c = 5 என்றால் 0.32 + 0.04 = 0.36. c = 6 என்றால் 0.222 + 0.111 = 0.333. இதுதான் மிகக் குறைவு. பொதுவாகச் சொன்னால் இயல்நிலைப் பரவலுக்கு n + 1 ஆல் வகுப்பதே சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கும். முன் பார்த்த விகித எடுத்துக்காட்டைப் போல இங்கே எல்லைக்கோடு கிடையாது. σ எதுவாக இருந்தாலும் இந்த முடிவு மாறாது.

அப்படியிருந்தும் n − 1 நிலைத்திருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பல சிறு குழுக்களின் பரவற்படிகளை ஒன்றுசேர்க்கும் வேலை புள்ளியியலில் அடிக்கடி வரும். மேலே சொன்ன நூறு பேர் கணக்கு அங்கே அப்படியே பொருந்தும். இன்னொன்று, வர்க்கப் பிழையே இங்கு அவ்வளவு நியாயமான அளவுகோல் அல்ல என்பது. பரவற்படியைக் குறைத்து மதிப்பிட்டால் பிழை அதிகபட்சம் σ² வரைதான் போகும், ஏனெனில் மதிப்பீடு பூச்சியத்துக்குக் கீழே போகாது. கூட்டி மதிப்பிட்டால் பிழைக்கு வரம்பே இல்லை. ஆகவே வர்க்கப் பிழை, குறைத்துச் சொல்பவருக்குச் சலுகை காட்டுகிறது. உங்கள் வேலையில் பரவலைக் குறைத்துச் சொல்வதுதான் ஆபத்து என்றால், n + 1-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிழையை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும்? குறியை நீக்கிவிட்டு அப்படியே சராசரி எடுத்தால் என்ன?

எடுக்கலாம். வர்க்கத்தைத் தேர்ந்தெடுத்த காஸ் அவர்களே, அது ஓரளவுக்கு நம் விருப்பத்தேர்வுதான் என்றும், கணக்கிட எளிது என்பதே அதன் பலம் என்றும் எழுதியிருக்கிறார். பிறழ்ச்சி, பரவற்படி என்று அழகாகப் பிரிவது வர்க்கத்துக்கு மட்டுமே கிடைக்கும் வசதி. ஆனால் வர்க்கம் ஒரு பெரிய தவறைப் பல சிறு தவறுகளைவிடக் கடுமையாகத் தண்டிக்கும். உங்கள் நிலைமையில் அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறழ்ச்சியற்ற முறை படுமோசமாக இருக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டா? விதைக் கணக்கில் இரண்டும் ஓரளவு நன்றாகத்தானே இருக்கின்றன.

உண்டு. ஓர் உதவி மையத்துக்கு மணிக்குச் சராசரியாக λ தொலைபேசி அழைப்புகள் பாய்சான் பரவல்படி வருகின்றன. ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்து X என்று குறித்துக்கொள்கிறோம். அடுத்த இரண்டு மணி நேரம் ஓர் அழைப்புகூட வராமல் இருக்கும் நிகழ்தகவு என்ன? அது e^(−2λ). X-ஐ மட்டும் வைத்து இதற்குப் பிறழ்ச்சியற்ற மதிப்பீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது: (−1)^X. பாய்சான் நிகழ்தகவுகளோடு பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், சரியாக e^(−2λ) வரும். வேறு எதுவும் எல்லா λ-வுக்கும் பொருந்தாது.

இப்போது அது சொல்வதைக் கேளுங்கள். பத்து அழைப்புகள் வந்தால், அடுத்த இரண்டு மணி நேரம் அழைப்பே வராது என்பது உறுதி என்கிறது. பதினோரு அழைப்புகள் வந்தால் நிகழ்தகவு −1 என்கிறது. λ = 1 என்றால் உண்மை விடை 0.135, இந்த முறையின் சராசரி வர்க்கப் பிழை 0.98. X-ஐயே λ-வின் இடத்தில் போட்டு e^(−2X) என்று சொன்னால் பிறழ்ச்சி ஏறத்தாழ 0.29. சிறியது என்று சொல்ல முடியாது. விடை சராசரியில் மேல்பக்கம் சாய்கிறது. ஆனாலும் அதன் சராசரி வர்க்கப் பிழை 0.28தான், அது சொல்லும் விடை எப்போதும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலேயே இருக்கும். மேலும் சில மணி நேரம் எண்ண முடிந்தால் இரண்டு வகை முறைகளுமே சீராகிவிடும். ஒரு மணி நேரத் தரவு மட்டுமே கையில் இருந்தால் நான் e^(−2X)-ஐ எடுத்துக்கொண்டு, அது கூட்டிச் சொல்லும் பழக்கமுள்ளது என்பதையும் அறிக்கையில் எழுதிவைப்பேன்.